தாள் கட்டில் எத்தனை பக்கம்? அடிமட்டமும் ஒரு படமும்

வாகரையில் பழைய கடதாசிக் கட்டு வைத்திருப்பவர்களுக்கு அதைப் பிரதியெடுக்கும் ஆசை வந்தால், முதல் கேள்வி மட்டக்களப்பிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ போனில் வரும்: “எத்தனை பக்கம் வரும் அண்ணன்?” ஸ்கேன் செய்பவருக்கும் போட்டோ கொப்பிக் கடைக்காரருக்கும் அந்த எண் தெரிந்தால்தான் காசையும் நாளையும் சொல்ல முடியும். சங்கத்துக் கூட்டறிக்கை, கோயில் கணக்கு, பள்ளிக்கூடத்துச் சம்பவத் திரட்டு என்று எந்தக் கட்டுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் போன்ற ஒரு முயற்சிக்குக் கட்டைக் கொடுப்பதென்றாலும் அளவைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

கோறளைப்பற்று வடக்கில் எஞ்சியிருக்கும் பழைய தாள்கள் பல, 2004 டிசம்பர் 26 கடல்கோளையும் 2006–2007 இடப்பெயர்வையும் கண்டவை. ஒவ்வொரு தாளாகப் புரட்டி எண்ணினால் ஓரம் உதிரும். ஆகவே கட்டின் தடிப்பை அடிமட்டத்தோடு படமெடுத்து, அந்தத் தடிப்பிலிருந்து பக்கங்களை மதிப்பிடும் முறையை இந்த அத்தியாயம் சொல்கிறது. இதற்கு ஒரு விதி போதும்: கட்டின் அளவுகோல் அந்தக் கட்டிலேயே இருக்கிறது. ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை தாள் என்பதை அட்டவணையில் தேடாமல், அதே கட்டின் ஒரு பகுதியை எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும்.

## தாள் வேறு, பக்கம் வேறு

தடிப்பிலிருந்து கிடைப்பது தாள்களின் எண்ணிக்கை மட்டுமே. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். ஆனால் பழைய கட்டுகளில் பல தாள்கள் ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கும், சில வெறுமையாகக் கிடக்கும். ஸ்கேன் செய்பவர் கேட்பது எழுத்துள்ள பக்கங்களின் எண்ணிக்கை. தாளின் எண்ணை இரண்டால் பெருக்கி அனுப்பிவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் பிழை. அதைத் தவிர்க்க இரண்டு எண்களையும் கடைசிவரை தனித்தனியே எழுதி வாருங்கள்.

## வேண்டியவை

- மில்லிமீற்றர் கோடுகள் தெளிவாகத் தெரியும் 30 சென்ரிமீற்றர் அடிமட்டம். வளையாத உருக்கு அடிமட்டம் என்றால் நல்லது.
- கமரா உள்ள போன். அதை ஆடாமல் நிறுத்த ஒரு நாற்காலி அல்லது புத்தக அடுக்கு.
- தட்டையான மேசை, கட்டின் அளவுக்கு ஒரு மெல்லிய பலகை.
- ஒரு பாரம். பிரிக்காத ஏ4 தாள் பொதி ஒன்று இதற்குப் பொருத்தம். 80 ஜிஎஸ்எம் தாள் 500 கொண்ட பொதி 2.5 கிலோ இருக்கும், தட்டையாகவும் உட்காரும்.
- முகக்கவசம், மெல்லிய கையுறை, பென்சில், ஒரு கொப்பி.

## தொடுமுன் கவனிக்க வேண்டியவை

பூஞ்சணம். கட்டில் கறுப்பு அல்லது பச்சைப் புள்ளி இருந்தாலோ, பழைய ஈர மணம் வந்தாலோ முகக்கவசம் போடாமல் திறக்காதீர்கள். இழுப்பு உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவதே நல்லது. பூஞ்சணத்தை ஊதவோ துணியால் தட்டவோ வேண்டாம். அது அறை முழுக்கப் பரவும்.

துரு. பழைய குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் துருவேறி இருக்கும். கையால் இழுத்தால் விரலும் கிழியும், தாளும் கிழியும். மதிப்பீட்டுக்காக அவற்றைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை.

ஒட்டிய தாள்கள். கடல்நீர் பட்டுக் காய்ந்த கட்டில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நகத்தால் பிரிக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பகுதியின் தடிப்பை மட்டும் தனியே அளந்து “ஒட்டியது” என்று குறித்துவிடுங்கள்.

அடுத்தவர் விவரம். காணி உத்தரவுப்பத்திரம், அடையாள அட்டைப் பிரதி, நிவாரணப் பட்டியல் போன்றவை கட்டின் மேலே கிடந்தால், படமெடுக்குமுன் அதன்மேல் வெள்ளைத்தாள் ஒன்றை வையுங்கள். நமக்கு வேண்டியது விளிம்புதான். பெயரும் இலக்கமும் உள்ள தாள் அந்தப் படத்தோடு பல போன்களுக்குப் போய்ச் சேரக்கூடாது.

## படம் எடுக்கும் ஒழுங்கு

1. கட்டை அறைக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மேசையில் வையுங்கள். கடற்காற்று வரும் விறாந்தை வேண்டாம்.

2. நாலு பக்கமும் மெதுவாகத் தட்டி விளிம்புகளை ஒரே நேருக்குக் கொண்டுவாருங்கள். உதிரும் கட்டு என்றால் தட்டாதீர்கள், இருந்தபடியே விடுங்கள்.

3. பலகையை மேலே வைத்து, அதன்மேல் பாரத்தை வையுங்கள். சில நிமிடம் பொறுங்கள். தாள்களுக்கிடையே நிற்கும் காற்று வெளியேறி, கட்டு அமர்ந்த பிறகுதான் தடிப்பு நிலைக்கும். உதிரும் கட்டுக்குப் பலகை மட்டும் போதும்.

4. பின் அடித்த மூலை எது என்று பாருங்கள். அந்த மூலை எப்போதும் உப்பியிருக்கும். அதற்கு எதிர்ப்பக்க விளிம்பின் நடுப்பகுதியை அளவுக்குத் தெரிவுசெய்யுங்கள்.

5. அடிமட்டத்தை அந்த இடத்தில் செங்குத்தாக நிறுத்தி, தாள் விளிம்பைத் தொட்டபடி பிடியுங்கள். விளிம்புக்கும் அடிமட்டத்துக்கும் இடையில் இடைவெளி இருக்கக்கூடாது.

6. போனின் கமரா, கட்டின் பாதி உயரத்துக்கு நேரே இருக்க வேண்டும். போனைக் கையில் தூக்கிப் பிடித்து மேலிருந்து எடுத்தால், பலகையின் விளிம்பு கட்டின் மேற்கோட்டை மறைக்கும்.

7. ஏறக்குறைய ஒரு மீற்றர் தள்ளி நின்று, சூம் செய்து எடுங்கள். கட்டும் அடிமட்டமும் படத்தின் நடுவில் வரட்டும்.

8. எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு படம் எடுங்கள். இரண்டு அளவுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், கட்டு சரிந்திருக்கிறது அல்லது உள்ளே பின் இருக்கிறது. காரணத்தைப் பார்த்துவிட்டு இரண்டின் சராசரியை எடுங்கள்.

ஏன் ஒரு மீற்றர்? அருகில் நின்று எடுக்கும்போது, கமராவுக்குக் கிட்ட இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும். போன் 40 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்க, அடிமட்டம் தாள் விளிம்புக்கு 2 சென்ரிமீற்றர் முன்னால் நின்றால், அதன் கோடுகள் சுமார் 5 வீதம் பெரிதாகத் தெரியும். கட்டு அந்த அளவுக்கு மெலிந்ததாக வாசிக்கப்படும். ஆயிரம் தாளில் ஐம்பது அங்கேயே தொலைந்துவிடும். ஒரு மீற்றரில் நின்றால் அதே 2 சென்ரிமீற்றர் பிழை 2 வீதத்துக்குள் அடங்கும்.

குறிப்பு: படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, மில்லிமீற்றர் கோடுகள் மங்கும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

## மாதிரி எண்ணுதல்

கட்டின் மேல், நடு, அடி என்று மூன்று இடங்களில் 50 தாள் வீதம் எண்ண வேண்டும். ஏன் மூன்று இடம்? ஒரே சங்கத்தின் கட்டிலேயே மேலே புதிய தட்டச்சுத் தாள், நடுவில் கோடிட்ட புல்ஸ்கேப், அடியில் மெல்லிய கார்பன் பிரதி என்று மாறி மாறி இருக்கும். மேலிருந்து மட்டும் எண்ணினால் மேலே உள்ள தாளின் கணக்கைத்தான் முழுக் கட்டுக்கும் பொருத்துவீர்கள்.

1. மூன்று இடங்களிலும் 50 தாள் முடியும் இடத்தில் நீளமான வெள்ளைக் காகிதத் துண்டைச் செருகி அடையாளம் வையுங்கள். எண்ணும்போது எழுத்துள்ள பக்கங்களையும் கூடவே எண்ணிக் கொப்பியில் குறியுங்கள்.

2. இந்த 150 தாளையும் வெளியே எடுத்து ஒன்றாக அடுக்குங்கள். எடுத்த இடத்தில் துண்டுச் சீட்டை விட்டுவையுங்கள், திரும்ப அதே ஒழுங்கில் வைக்க வேண்டும்.

3. அதே பலகை, அதே பாரம், அதே அடிமட்டம், அதே தூரம். இன்னொரு படம் எடுங்கள்.

50 தாளைத் தனித்தனியே அளப்பதில் பயனில்லை. அதன் தடிப்பு 5 அல்லது 6 மி.மீ. தான் வரும். கண் அரை மில்லிமீற்றர் தவறினாலே கிட்டத்தட்ட 10 வீதப் பிழை. மூன்றையும் சேர்த்து அளக்கும்போது அந்த அரை மில்லிமீற்றர் 3 வீதமாகச் சுருங்குகிறது.

முழுக் கட்டின் படமும் மாதிரியின் படமும் ஒரே நாளில் எடுக்கப்பட வேண்டும். தாள் ஈரத்தை உறிஞ்சி ஊதும், காய்ந்தால் சுருங்கும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் எடுத்த மாதிரியை மாரியில் எடுத்த முழுக் கட்டின் படத்தோடு சேர்த்தால் கணக்குக் கோணும். இரண்டையும் அடுத்தடுத்து எடுத்தால் ஈரம் இரண்டிலும் ஒன்றுதான், கணக்கில் அது தானாகவே கழிந்துவிடும்.

## படத்திலிருந்து அளவு

படத்தைப் பெரிதாக்கி அடிமட்டத்தை நேரே வாசிக்கலாம். ஆனால் பல பிளாஸ்டிக் அடிமட்டங்களில் பூச்சியக் கோடு நுனியிலேயே தொடங்குவதில்லை. நுனிக்கும் கோட்டுக்கும் இடையே சில மில்லிமீற்றர் வெறுமையாக இருக்கும். மேசையில் நிறுத்தும்போது அந்த வெறும் பகுதியும் கட்டோடு சேர்ந்து நிற்கும், வாசிப்பில் அது வராது.

கணினியில் பெயின்ட் செயலியில் படத்தைத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. சுட்டியை ஓரிடத்தில் வைத்தால் அந்தப் புள்ளியின் இலக்கம் கீழே தெரியும். இரண்டாவது எண், மேலிருந்து கீழாக எண்ணப்படும் பிக்சல். நான்கு இடங்களின் எண்ணைக் குறியுங்கள்: அடிமட்டத்தின் 0 கோடு, 100 மி.மீ. கோடு, கட்டின் மேல் விளிம்பு, கட்டின் அடி விளிம்பு.

எடுத்துக்காட்டாக, கரையோரச் சங்கம் ஒன்றின் கட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் மட்டை, நடுவில் கூட்டறிக்கையும் கடிதப் பிரதிகளும். படத்தில் கிடைத்த எண்கள்:

- 0 கோடு: 2610
- 100 மி.மீ. கோடு: 310
- கட்டின் மேல் விளிம்பு: 471
- கட்டின் அடி விளிம்பு: 2702

```
1 மி.மீ. = (2610 − 310) ÷ 100 = 23 பிக்சல்
தடிப்பு  = (2702 − 471) ÷ 23 = 97 மி.மீ.
```

அடிமட்டத்தைக் கண்ணால் மட்டும் வாசித்திருந்தால் 93 என்று வந்திருக்கும். அந்த 4 மி.மீ. அடிமட்டத்தின் வெறும் நுனி. தாளில் சொன்னால் முப்பதுக்கும் மேல்.

## கணக்கு

மட்டைகள் இரண்டும் சேர்ந்து 3 மி.மீ. அதைக் கழித்தால் தாள் மட்டும் 94 மி.மீ. மாதிரி 150 தாளின் தடிப்பு 17.5 மி.மீ. வந்தது. மாதிரியில் எழுத்துள்ள பக்கங்கள் மேலே 92, நடுவில் 58, அடியில் 54, ஆக 204.

```
தாள்    = 94 × 150 ÷ 17.5 = 806
பக்கம்  = 806 × 204 ÷ 150 = 1096
```

எனவே சுமார் 800 தாள், சுமார் 1,100 பக்கம்.

இப்போது பிழையின் எல்லை. மாதிரியின் அளவில் அரை மில்லிமீற்றர் தவறியிருந்தால் 3 வீதம். மூன்று இடங்களும் முழுக் கட்டையும் சரியாகக் காட்டவில்லை என்றால் இன்னும் இரண்டொரு வீதம். தாள் எண்ணிக்கை 760 முதல் 850 வரை என்று சொல்லலாம். பக்கத்தில் எல்லை அகலும். மேலே 92, அடியில் 54 என்று எழுத்துள்ள பக்கங்கள் இவ்வளவு மாறுவதால், 1,000 முதல் 1,200 வரை என்று சொல்வதே நியாயம்.

அட்டவணையை மட்டும் நம்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? புதிய 80 ஜிஎஸ்எம் தாள் ஒரு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய பத்து. 94 மி.மீ.க்கு 940 தாள், இரண்டால் பெருக்கினால் 1,880 பக்கம். உண்மையான வேலையை விட எழுநூறுக்கும் மேல் கூட. ஸ்கேன் செய்பவர் நிமிடத்துக்கு நாலு பக்கம் எடுப்பவர் என்றால், நாலரை மணித்தியால வேலைக்கு எட்டு மணித்தியாலத்துக்கு ஆள் பிடித்திருப்பீர்கள்.

இந்தக் கட்டில் ஒரு மில்லிமீற்றருக்கு 8.6 தாள்தான் வந்தது. தாள் தடித்தது என்பதால் மட்டும் அல்ல. ஈரம் பட்டுக் காய்ந்த தாள் நெளிந்துவிடும், நெளிவுக்கிடையே காற்று நிற்கும். மடித்த கோடும் பின் அடித்த இடமும் இன்னும் கொஞ்சம் தூக்கும். எந்த அட்டவணையிலும் இது இருக்காது.

## படம் மட்டும்தான் இருக்கிறது என்றால்

சில வேளை கட்டு கதிரவெளியில் ஒரு வீட்டில் இருக்கும், நீங்கள் மட்டக்களப்பில் இருப்பீர்கள், கையில் படம் மட்டும் வந்திருக்கும். மாதிரி எண்ண ஆள் இல்லை. அப்போது இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. கட்டுக்குள்ளேயே எண்ணிக்கை தெரிந்த பொருள் உண்டா? கடையில் வாங்கிய கொப்பிகளிலும் சி.ஆர். புத்தகங்களிலும் பக்க எண்ணிக்கை அட்டையிலேயே அச்சாகியிருக்கும். 200 பக்கக் கொப்பி என்றால் 100 தாள். அடுக்கில் அப்படி ஒன்று இருந்தால் அட்டையைக் கழித்து அதன் தடிப்பை அளந்து, அதையே மாதிரியாக்குங்கள். தாள் கிழித்த கொப்பி என்றால் உதவாது. முதுகுப்பக்கம் தளர்ந்திருப்பதில் அது தெரியும்.

2. விளிம்பை எண்ண முடியுமா? கிட்டே எடுத்த தெளிவான படம் என்றால், 5 மி.மீ. உயரத்துக்குள் உள்ள தாள் கோடுகளை எண்ணலாம். மூன்று இடங்களில் எண்ணுங்கள். ஒட்டி நிற்கும் இரண்டு தாள் ஒன்றாகத் தெரிவதால் இந்த எண் பெரும்பாலும் உண்மைக்குக் குறைவாகவே வரும்.

3. இரண்டும் இல்லையென்றால் எல்லையாக மட்டும் சொல்லுங்கள். பொதி பிரிக்காத புதிய அலுவலகத் தாள் மில்லிமீற்றருக்குப் பத்துக்குக் கிட்ட; அதனால்தான் 500 தாள் பொதி 5 சென்ரிமீற்றரைச் சற்றே தாண்டும். 60 ஜிஎஸ்எம் எழுதுதாள் புதிதாக இருந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று வரை போகும். கைபட்டு, நெளிந்த பழைய தாளுக்கு ஏழு முதல் ஒன்பது என்று எடுத்து, கீழெல்லை மேலெல்லை இரண்டையும் அனுப்புங்கள். ஒற்றை எண் சொல்லாதீர்கள்.

## கணக்கு பிழைத்ததை எப்படி அறிவது?

மில்லிமீற்றருக்குப் பதினைந்து தாளுக்கு மேல் வந்தால் மாதிரியின் தடிப்பைக் குறைத்து வாசித்திருக்கிறீர்கள், அல்லது கட்டில் மெல்லிய கார்பன் தாள் நிறைய இருக்கிறது. கையால் ஒரு தாளைத் தொட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஆறுக்குக் கீழே வந்தால் பாரம் வைக்காமல் அளந்திருக்கலாம். மட்டை, கடித உறை, படம், வரைபடம் ஏதும் உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள். அவற்றைத் தனியே அளந்து கழியுங்கள்.

மாதிரியில் பாரம், முழுக் கட்டில் பாரம் இல்லை என்று மாறிப்போனால், தாள் எண்ணிக்கை கூடித்தான் வரும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலகை இருக்கிறதா என்பது தெரியும்.

முறையையே சோதிக்க அந்த 500 தாள் பொதி உதவும். உறையோடு அளந்து, உறையின் மடிப்பு தடித்த இடத்தைத் தவிர்த்து, மில்லிமீற்றருக்கு எத்தனை என்று பாருங்கள். ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் வந்தால் உங்கள் படமெடுப்பு சரி. அதைவிட்டு நன்றாக விலகினால் கமராவின் உயரத்தையும் அடிமட்டம் நிற்கும் இடத்தையும் திருத்துங்கள்.

## இந்த முறை ஆகாத இடங்கள்

இன்னும் ஈரமாக இருக்கும் கட்டை அளக்க வேண்டாம். ஈரத்தாள் பல மடங்கு எளிதில் கிழியும், பாரம் வைத்தால் ஒட்டியும் விடும். நிழலில், காற்றோட்டத்தில் காயவிட்ட பிறகு பாருங்கள், வெயிலில் போடாதீர்கள்.

ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டுக்குப் படம் தேவையில்லை. நூறு தாள்தான் இருக்கும், எண்ணிவிடுவதே விரைவு.

தைத்துக் கட்டிய பேரேட்டில் மாதிரியை வெளியே எடுக்க முடியாது. அதில் பக்க இலக்கம் அச்சாகியிருந்தால் கடைசித் தாளைப் பார்த்தால் போதும். இலக்கம் இல்லையென்றால் திறக்கும் ஓரத்தை அளவுக்கு எடுங்கள். முதுகுப்பக்கம் தையல் நூலால் எப்போதும் தடித்திருக்கும்.

## அனுப்பும்போது எழுத வேண்டியது

ஸ்கேன் செய்பவருக்கு அனுப்பும் குறிப்பில் எண்ணோடு, அந்த எண் எப்படி வந்தது என்பதும் இருக்கட்டும். நமது எடுத்துக்காட்டுக் கட்டுக்கு இப்படி எழுதலாம்:

“கூட்டறிக்கையும் கடிதப் பிரதியும், ஒரு கட்டு. மட்டை நீங்கலாகத் தடிப்பு 94 மி.மீ. மூன்று இடங்களில் 150 தாள் எண்ணியது, 17.5 மி.மீ. மதிப்பீடு 800 தாள் (760–850). எழுத்துள்ள பக்கம் 1,100 (1,000–1,200). ஒட்டிய பகுதி இல்லை. ஒரு மூலையில் துருப்பிடித்த பின்கள் உண்டு. இரண்டு படம் இணைப்பில்.”

இதைப் பார்த்தவுடன் அவர் தன் வேகத்தால் வகுத்து நாள் சொல்லுவார். பின் கழற்ற எடுக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்வார். வேலை முடிந்ததும் உண்மையான பக்க எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி, உங்கள் மதிப்பீட்டுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அதே அலுமாரியின் அடுத்த கட்டை அளக்கும்போது, மில்லிமீற்றருக்கு எத்தனை தாள் என்ற உங்கள் சொந்த எண்ணை அந்தக் கொப்பியில் பார்த்துக்கொள்ளலாம்.